சம்பளம் 6% ஏறும்போது முதலீட்டை 10% ஏற்றலாமா?

*கேள்வி: ஆறு வருடம் முன்பு கைக்கு 35,000 ரூபாய் வந்தது, இப்போது 50,000 வருகிறது. ஒரு வருடம் 12% ஏறியது, இன்னொரு வருடம் ஒன்றுமே ஏறவில்லை. மாதம் 10,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போடலாம் என்றிருக்கிறேன். அதை வருடாவருடம் 10% ஏற்றினால் 20 வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும் என்று கால்குலேட்டர் காட்டுகிறது. ஏற்றலாமா, ஒரே தொகையாகவே போகட்டுமா?*

ஏற்றுங்கள். ஆனால் 10% வேண்டாம்.

முதலில் உங்கள் சம்பளம் உண்மையில் எவ்வளவு வேகத்தில் ஏறியிருக்கிறது என்று பார்ப்போம். 50,000-ஐ 35,000-ஆல் வகுத்து, அதற்கு ஆறாம் மூலம் எடுத்தால் 1.061 வரும். அதாவது ஆண்டுக்குச் சுமார் 6%. அந்த 12% வருடத்தை வைத்துத் திட்டம் போடக் கூடாது. நிறுவனம் தரும் உயர்வுக் கடிதத்தில் இருக்கும் மொத்தச் சம்பள உயர்வையும் எடுக்காதீர்கள். வரியும் பிடித்தங்களும் போகக் கைக்கு வந்த தொகையை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

முதலீடு ஆண்டுக்கு 10% வளரும் என்று வைத்துக்கொள்கிறேன். இது அனுமானம்தான், உத்தரவாதம் இல்லை. மாதம் 10,000 மாறாமல் போட்டால் 20 ஆண்டு முடிவில் ஏறக்குறைய 72 லட்சம். ஆண்டுதோறும் 10% ஏற்றினால் சுமார் 1.53 கோடி. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் முதல் வழியில் நீங்கள் போட்டது 24 லட்சம், இரண்டாவதில் கிட்டத்தட்ட 69 லட்சம். இரண்டிலும் பணம் வளர்ந்த வேகம் அதே 10%. கூடுதலாக வந்ததில் பாதிக்கும் மேல் உங்கள் பையிலிருந்தே போனது. அப்படியானால் அந்தக் கூடுதல் பணம் உங்களிடம் இருக்குமா என்பதுதான் கேள்வி.

6% வளர்ச்சியில் 20-ஆம் ஆண்டு உங்கள் சம்பளம் சுமார் 1,51,000 ஆகியிருக்கும். 10% ஏறிய எஸ்.ஐ.பி. அப்போது 61,000-ஐத் தாண்டியிருக்கும். இன்று சம்பளத்தில் 20% போவது அன்று 40% ஆகிவிடும். வீட்டுச் செலவுக்கு மிஞ்சுவது 90,000. கேட்க நிறையத் தெரிகிறது. ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 5% ஏறினால், அதன் மதிப்பு இன்றைய பணத்தில் 36,000-க்கும் குறைவு. இன்று எஸ்.ஐ.பி. போக உங்கள் கையில் 40,000 இருக்கிறது. இருபது வருடம் உழைத்து, சம்பளமும் மூன்று மடங்காகி, இன்றைவிட இறுக்கமாகக் குடும்பம் நடத்த வேண்டியிருக்கும்! அதனால்தான் பலர் பாதி வழியில், பிள்ளைகளின் படிப்புச் செலவு உச்சத்தில் இருக்கும்போது, எஸ்.ஐ.பி.யையே நிறுத்திவிடுகிறார்கள். கால்குலேட்டர் காட்டிய 1.53 கோடி, கடைசி மாதம் வரை நிறுத்தாதவருக்கு மட்டும்தான்.

சரி, ஏற்றாமலே விட்டால்? அதுவும் நல்லதல்ல. மாறாத 10,000 ரூபாய், 20-ஆம் ஆண்டில் உங்கள் சம்பளத்தில் 7%-க்கும் குறைவு. அன்று அதன் மதிப்பு இன்றைய 4,000 ரூபாய் அளவுதான்.

உங்களுக்கு நான் சொல்வது: சதவீதத்தை விட்டுவிட்டு, ஒவ்வோர் ஆண்டும் 1,000 ரூபாய் மட்டும் கூட்டுங்கள். முதல் ஆண்டு 10,000, அடுத்தது 11,000, பிறகு 12,000. முதல் ஏற்றம் 10%-தான், ஆனால் தொகை பெருகப் பெருக அந்தச் சதவீதம் தானாகவே குறைந்துகொண்டே வரும். 20-ஆம் ஆண்டில் 29,000 போடுவீர்கள். சம்பளத்தில் முதலீட்டின் பங்கு நடுவில் 23%-ஐ நெருங்கிவிட்டு, கடைசியில் 19%-க்கு இறங்கும். வீட்டுக்கு மிஞ்சுவது இன்றைய மதிப்பில் 48,000. அதாவது குடும்பத்தின் வசதியும் கொஞ்சம் கூடும். நீங்கள் போடுவது சுமார் 47 லட்சம், கிடைப்பது 1.18 கோடிக்கு மேல். மாறாத தொகையைவிட 46 லட்சத்துக்கு மேல் கூடுதல்.

எஸ்.ஐ.பி. படிவத்தில், தொகையை ஆண்டுதோறும் தானாக ஏற்றும் 'டாப்-அப்' பகுதியில் சதவீதத்துக்குப் பதிலாகத் தொகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி பொதுவாக இருக்கும். உச்ச வரம்பு கேட்டால் அதையும் நிரப்புங்கள். ஏற்றம் வரும் மாதம், சம்பள உயர்வு கைக்கு வந்ததற்கு அடுத்த மாதமாக இருக்கட்டும்.

சம்பளம் ஏறாத வருடமும் டாப்-அப் தானாக ஏறிவிடும், அதற்கு உங்கள் சம்பளம் தெரியாது. உங்கள் வேலையில் அப்படிப்பட்ட வருடங்கள் மீண்டும் வரலாம் என்று தோன்றினால், டாப்-அப்பே வேண்டாம். 10,000-க்கு ஒரு சாதாரண எஸ்.ஐ.பி. தொடங்குங்கள். உயர்வு வந்த வருடம் மட்டும் அதே ஃபண்டில் 1,000 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கை இறுக்கமானால் கடைசியாகச் சேர்த்ததை மட்டும் நிறுத்தினால் போதும், பழையவை தொடரும்.