மறைத்தால் எப்படி ஒளி கூடும்?

"ஒளியைக் குவிக்கும் ஃபிரெனல் மண்டலத் தட்டு செய்ய, சம இடைவெளியில் 20 வளையம் வரைந்து, ஒன்றுவிட்டு ஒன்றைக் கறுப்பாக்கி ஓஎச்பி ஷீட்டில் அச்சிட்டேன், சிவப்பு லேசர் (650 nm) 1 மீட்டரில் குவியவே இல்லை. பாதியை மறைத்தால் ஒளி குறையத்தானே செய்யும்?"

தப்பு அந்தச் சம இடைவெளியில்தான். ஒவ்வொரு வளைய விளிம்பிலிருந்தும் குவியப் புள்ளிக்கு உள்ள தூரம் முந்தையதைவிடச் சரியாக அரை அலைநீளம் கூட வேண்டும், அதற்கு n-ஆவது வளையத்தின் வெளி ஆரம் r, அலைநீளம் λ, குவியத் தூரம் f என்றால், ஆரம் இப்படிப் போகணும்:

```
r = sqrt(n * λ * f)
```

உங்கள் கணக்கில் முதல் ஆரம் 0.81 மி.மீ., நான்காவது 1.61, இருபதாவது 3.6, வெளியே போகப் போக வளையம் மெலிந்து கடைசியில் 0.09 மி.மீ. ஆகிவிடும், 600 dpi அச்சில் அது இரண்டு புள்ளி அகலம்தான், அதனால் ஓரம் கொஞ்சம் பிசிறும்.

மறைக்காமல் விட்டால் அடுத்தடுத்த வளையங்களின் ஒளி முகடும் பள்ளமுமாக வந்து ஒன்றையொன்று கிட்டத்தட்ட அழித்துவிடும். ஒன்றுவிட்டு ஒன்றை மறைத்தால் மிச்சமுள்ளவற்றின் தூர வித்தியாசம் முழு அலைநீளங்கள், முகடோடு முகடு சேரும். திறந்த 10 வளையமும் சேர்ந்தால் அந்தப் புள்ளியில் வீச்சு, தட்டே இல்லாதபோது இருந்ததைப்போல் 20 மடங்கு, செறிவு அதன் வர்க்கமாக 400 மடங்கு (அச்சு கச்சிதமாக இருந்தால்!). மொத்த ஒளி பாதிதான், ஆனால் அந்த ஒரு புள்ளிக்கு லாபம்.

அப்புறம், லேசர் கற்றையை 7.2 மி.மீ.க்கு விரித்து இணையாக்கித் தட்டு முழுக்க விழ வையுங்கள். 33 செ.மீ.யில் மங்கலாக இன்னொரு புள்ளி தெரிந்தால் குழம்ப வேண்டாம், அது 1 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விழும் மூன்றாம் வரிசைக் குவியம்.