ஐபான் எண்ணை எக்செலில் சரிபார்த்தல்

கேள்வி: குன்னூரில் சிறிய தேயிலை ஏற்றுமதி அலுவலகம் நடத்துகிறோம். ஜெர்மனியில் உள்ள முகவருக்குக் கமிஷன் அனுப்ப, அவர் பில்லை ஸ்கேன் செய்து ஐபான் எண்ணை எடுக்கிறோம். எக்செலில் 97ஆல் வகுத்துப் பார்த்தால் சரியான எண்ணுக்கும் மீதி 1 வருவதில்லை. எங்கே பிழை?

பதில்: பிழை எக்செலின் வரம்பில் இருக்கிறது. மாதிரியாகப் பரவலாக அச்சிடப்படும் DE89 3704 0044 0532 0130 00 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் நான்கு எழுத்துகளைக் கடைசிக்குக் கொண்டுபோய், Aக்கு 10 முதல் Zக்கு 35 வரை என்ற கணக்கில் Dக்கு 13, Eக்கு 14 என்று மாற்றினால் 370400440532013000131489 கிடைக்கும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும் என்பதால், கடைசியில் உள்ள 131489, அதாவது நாட்டுக் குறியீடும் சோதனை இலக்கங்களுமே பூஜ்யங்களாகிவிடுகின்றன.

ஆகவே எண்ணைத் துண்டாக்கி வகுக்க வேண்டும். B1 கட்டத்தை முதலில் Text வடிவத்துக்கு மாற்றி, அந்த 24 இலக்கங்களை அதில் ஒட்டிவிட்டு, C1 முதல் C4 வரை இவற்றை எழுதுங்கள்:

```
=MOD(LEFT(B1,9),97)
=MOD(C1&MID(B1,10,7),97)
=MOD(C2&MID(B1,17,7),97)
=MOD(C3&MID(B1,24,7),97)
```

ஒவ்வொரு மீதியும் அடுத்த துண்டின் முன்னால் ஒட்டிக்கொள்ள, 23, 70, 38 என்று வந்து கடைசியில் 1 நிற்கும். மழைக்கால ஈரத்தில் நமுத்த தாளை ஸ்கேன் செய்தபோது 0532 என்பது 0632 ஆகிவிட்டதென்றால் கடைசி மீதி 54 ஆகும். ஓர் இலக்கம் மட்டும் மாறினால் இச்சோதனை அதைத் தவறாமல் பிடித்துவிடும்.

வகுப்பதற்கு முன்பே நீளத்தைப் பாருங்கள். ஜெர்மன் ஐபானில் 22 எழுத்துகள் இருக்கும், DEக்குப் பின்வருபவை அனைத்தும் இலக்கங்களே. எனவே அங்கே O என்று வாசிக்கப்பட்டிருந்தால் அது பூஜ்யம்தான் என்று தயங்காமல் திருத்தலாம். ஆனால் சோதனையில் தோற்ற எண்ணில் 5ஐ 6 ஆக்கி, 3ஐ 8 ஆக்கி, மீதி 1 வரும்வரை முயன்றுபார்ப்பதை நான் ஏற்கமாட்டேன். கணக்குப் பகுதியின் 18 இடங்களில் ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றவே 162 வழிகள் உள்ளன. ஏதோ ஓர் எண் தற்செயலாகத் தேறும் வாய்ப்பு 97இல் ஒன்று என்பதால், உண்மையான எண்ணுடன் வேறொன்றும் தேறிவிடக்கூடும். தாளை எடுத்துக் கண்ணால் பாருங்கள், தெளிவில்லையென்றால் முகவரிடமே கேளுங்கள்.

மீதி 1 வந்தாலும், அந்தக் கணக்கு நடப்பில் உள்ளதா, அது உங்கள் முகவருடையதுதானா என்பதை இச்சோதனை சொல்லாது. பில்லில் திடீரென்று புதிய ஐபான் வந்திருந்தால், அந்தப் பில்லில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு அல்ல, உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டுப் பணம் அனுப்புங்கள்.