'கோ'வுக்கு 'வெண்ட்' எங்கிருந்து வந்தது?

"என் மகள் தக்கலையில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலத்தில் இறந்தகாலம் எழுதச் சொன்னால் 'கோ'வோடு 'எட்' சேர்த்து எழுதுகிறாள். 'குட்'டோடு 'அர்' சேர்க்கிறாள். 'வெண்ட்', 'பெட்டர்' என்று மாறுவதற்கு விதி ஏதும் உண்டா? எப்படிச் சொல்லிக்கொடுப்பது?"

'கோ'வை 'வெண்ட்' ஆக்கும் விதி எதுவும் கிடையாது. 'கோ' என்ற சொல் திரிந்து 'வெண்ட்' ஆகவில்லை. அது வேறொரு வினைக்குச் சொந்தமான இறந்தகாலம். 'சிங்', 'சாங்' என்பவை ஒரே வேர் உள்ளே மாறியதால் வந்தவை. 'கோ', 'வெண்ட்' என்பவையோ இரு வேறு வேர்கள் ஒரே வாய்பாட்டில் வந்து சேர்ந்தவை. இவ்வாறு சேர்வதை மொழியியலார் சப்ளிஷன் என்பார்கள்.

'வெண்ட்' வந்த வழியை இன்றைய ஆங்கிலத்திலேயே காணலாம். தமிழில் 'செண்ட்' என்று ஒன்றுபோல் எழுதும் இரு சொற்களில், d எழுத்தில் முடியும் send 'அனுப்பு' என்றும், t எழுத்தில் முடியும் sent 'அனுப்பினான்' என்றும் பொருள்படுகின்றன. 'பெண்ட்', 'ஸ்பெண்ட்' ஆகியவையும் அப்படியே. அதே அச்சில் 'திரும்பு, செல்' என்ற பொருளில், d எழுத்தில் முடியும் 'வெண்ட்' என்றொரு வினை இருந்தது. அதன் இறந்தகாலம்தான் இன்று 'கோ'வுக்கு உரியதாகிவிட்டது. பழைய ஆங்கிலத்தில் 'கோ'வின் இறந்தகாலம் 'ஏயோதே' என்றிருந்தது. அதுவும் வேற்று வேரிலிருந்து வந்ததே. ஆக, ஒழுங்காக இருந்த சொல் பின்னாளில் கெட்டுப்போகவில்லை. ஒரு வேற்றுச் சொல்லின் இடத்தில் இன்னொரு வேற்றுச் சொல் அமர்ந்தது, 15-ஆம் நூற்றாண்டளவில் அது நிலைபெற்றது. சொத்தை இழந்த பழைய வினை 'வெண்டட்' என்று தனக்குப் புதிய இறந்தகாலத்தை அமைத்துக்கொண்டது. ஸ்காட்லாந்து மக்களோ உங்கள் மகளைப் போலவே 'கோ'விலிருந்தே 'கேட்' என்றொரு வடிவத்தை உருவாக்கிக்கொண்டார்கள்.

'பெட்டர்' என்பதும் 'குட்'டோடு வந்து சேர்ந்த வேற்று வேர்தான், ஆனால் இந்தச் சேர்க்கை 'வெண்ட்'டைவிடப் பழையது. ஜெர்மன் மொழியிலும் 'கூட்', 'பெஸ்ஸர்' என்றே வருவதால், ஆங்கிலம் தனிமொழியாகப் பிரிவதற்கு முன்பே இந்த இணை இருந்தது தெரிகிறது.

தமிழிலும் இத்தகைய இணைகள் உண்டு. நம் மாவட்டத்தில் மீன்காரரிடம் "சாளை உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில் வரும். 'உண்டு' 'உள்' என்ற வேரிலும், 'இல்லை' 'இல்' என்ற வேரிலும் பிறந்தவை. ஆனாலும் ஒன்றுக்கு எதிர்மறை மற்றது. எண்களில் இரண்டு 'இரண்டாம்' ஆகிறது, மூன்று 'மூன்றாம்' ஆகிறது. ஒன்றுக்கு மட்டும் 'முதலாம்' என்ற வேற்றுச் சொல் வருகிறது. 'ஒன்றாம் வகுப்பு' என்றும் சொல்கிறோம். இருபத்தொன்றுக்கு வரும்போதோ 'இருபத்தொன்றாம்' என்று ஒழுங்கான வடிவத்துக்கே திரும்பிவிடுகிறோம். மிகுதியாகப் பயன்படும் சிறிய எண்ணில் மட்டும் வேற்றுச் சொல் நின்றிருப்பதைக் கவனியுங்கள்.

இத்தகைய வடிவங்கள் அழியாமல் இருப்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. அடிக்கடி காதில் விழும் சொல்லின் ஒழுங்கற்ற வடிவம் குழந்தையின் நினைவில் முழுச்சொல்லாகவே பதிந்துவிடும். அரிதாக வரும் சொல்லுக்கு நினைவு கைகொடுக்காதபோது விதி முந்திக்கொள்ளும். 2007-இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு, பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளைப் பின்தொடர்ந்தது. அவற்றுள் 98 மட்டுமே இன்றும் ஒழுங்கற்றவையாக இருக்கின்றன. நூறு மடங்கு குறைவாகப் பயன்படும் வினை பத்து மடங்கு வேகமாக ஒழுங்குக்கு வருகிறது என்பது அதன் முடிவு. 'ஹெல்ப்' அப்படித்தான் 'ஹெல்ப்ட்' ஆனது. முன்பு அதன் இறந்தகாலம் 'ஹோல்ப்'. இந்த விளக்கத்துக்கும் எல்லை உண்டு: ஒரு வடிவம் ஏன் நிலைக்கிறது என்பதை அது சொல்லும், எந்த வேர் வந்து சேரும் என்பதைச் சொல்லாது.

ஆகவே உங்கள் மகளின் பிழை, அவள் இறந்தகால விதியைப் புரிந்துகொண்டிருக்கிறாள் என்பதையே காட்டுகிறது; குறைவது 'வெண்ட்' என்பதைக் கேட்ட அனுபவம். அகரவரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். பட்டியலில் அரிய சொல்லும் அன்றாடச் சொல்லும் ஒரே முறைதான் வரும், நினைவில் பதிவதற்கோ திரும்பத் திரும்பக் கேட்பது வேண்டும். மாலையில் நேற்று எங்கே போனோம் என்பதை அவளோடு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வாக்கியங்களாகப் பேசுங்கள். அவள் தவறாகச் சொன்னால், கண்டிக்காமல், சரியான வடிவத்தை உங்கள் மறுமொழிக்குள் வைத்துச் சொல்லுங்கள். 'பி', 'ஹேவ்', 'டூ', 'சே', 'மேக்', 'கோ', 'டேக்', 'கம்', 'சீ', 'கெட்' ஆகிய பத்தும் முதலில் போதும். ஆங்கிலத்தில் மிக மிகுதியாக வரும் வினைகள் இவையே, பத்தும் ஒழுங்கற்றவையே. ஆனால் வேற்று வேர் கலந்தவை 'பி', 'கோ' ஆகிய இரண்டுதான்.

'வெண்ட்' பழகியபின் 'டிட் நாட் வெண்ட்' என்று எழுதத் தொடங்கினால், அது வேறு வகைப் பிழை. அங்கே இறந்தகாலத்தை 'டிட்' ஏற்றுக்கொண்டுவிட்டதால் வினை 'கோ'வாகவே நிற்க வேண்டும். இதைக் கேட்டுப் பழகும் வரை விட்டுவைக்காமல், 'டிட்' வரும் வாக்கியங்களைத் தனியே எழுதிக்காட்டி விளக்குங்கள்.