சான்றிதழை ஓரமாக வையுங்கள், படத்தைப் பாருங்கள்

"திருகோணமலையில் ஒருவர் எம்.ஜி.ஆர். கையெழுத்திட்ட கலர் படத்தை 25,000 ரூபாவுக்குத் தருகிறார். சான்றிதழும் ஹொலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கு. வாங்கலாமா?"

தம்பி, முதலில் நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை இரவல் வாங்குங்கள். அதில் முகம் ஒழுங்கில்லாமல் தெளித்த நிறப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது இன்க்ஜெட் அச்சு. எம்.ஜி.ஆர். காலமானது 1987 டிசம்பரில். இன்க்ஜெட்டில் இப்படிப் படம் அச்சிடுவது பரவியது 1990களில்தான். அதோடு பேச்சு முடிந்தது. புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் இருந்தால் பெரும்பாலும் அச்சகப் படம். ஸ்டூடியோவில் கழுவிய படத்தில் புள்ளியே இராது. இவை இரண்டிலும் அவர் கையெழுத்திட்டிருக்க முடியும்.

அப்புறம் கையெழுத்தைப் பாருங்கள். அதிலும் அதே புள்ளிகள் இருந்தால் அது படத்தோடு சேர்ந்து அச்சானது. இல்லையென்றால் படத்தை விறாந்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பேனா மை தாளின் பளபளப்பிலிருந்து வேறுபட்டு, மேலே படிந்து தெரியும். வேகமாகப் போடும் கையெழுத்தின் நுனிகள் மெலிந்து முடியும். பார்த்து வரைந்தது ஒரே தடிப்பில், சிறு நடுக்கத்தோடு போகும்.

சான்றிதழ் விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு கிரிக்கெட் வீரரின் படத்தோடு வந்த தாளில் "அசல் கையெழுத்து" என்று மட்டும் இருந்தது. படத்தின் நகலோ, பொருந்தும் இலக்கமோ இல்லை. அந்தத் தாளை எந்தப் படத்தோடும் சேர்த்து விற்கலாம். எழுதியவரும் விற்றவரே. ஹொலோகிராம் ஸ்டிக்கரை யாரும் அச்சடித்து வாங்கலாம்.

இந்தச் சோதனைகள் போலியைத்தான் காட்டும், அசலை நிரூபிக்காது. எல்லாம் தேறினால், படம் யாரிடமிருந்து எப்படி வந்தது என்று கேளுங்கள். போலியானால் பணம் திரும்பும் என்று எழுதித் தர மறுத்தால் வாங்காதீர்கள்.