'இடியோபதிக்' என்று எழுதியிருக்கிறார்களே, அப்படியென்றால் டாக்டருக்கே தெரியாதா?

ரத்தவியல் மருத்துவன் என்பதால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி பிளேட்லெட் பற்றியவை. இந்த முறை பலரும் ஒரே வார்த்தையில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

கேள்வி: என் தம்பிக்கு பிளேட்லெட் 22,000. 'இடியோபதிக் த்ராம்போசைட்டோபீனிக் பர்ப்யூரா' என்று எழுதிக் கொடுத்தார்கள். அகராதியில் பார்த்தால் 'காரணம் தெரியாத' என்று இருக்கிறது. தெரியாததற்கு எதற்கு இவ்வளவு பெரிய பெயர்?

உங்கள் எரிச்சல் நியாயம்தான். அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தால், பிளேட்லெட் குறைவு, தோலில் ரத்தப் புள்ளிகள், ஏன் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். தம்பி சொன்னதையே கிரேக்கத்தில் திருப்பிச் சொன்னதுபோல இருக்கிறது.

ஆனால் அந்த வார்த்தையை எழுதுவதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. முதலில், குறைவு உண்மையா என்று பார்க்க வேண்டும். சிலருடைய ரத்தம் ஊதா மூடி போட்ட குழாயில் உள்ள ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் பட்டதும் பிளேட்லெட்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். கொத்தை எண்ணத் தெரியாத இயந்திரம் குறைவு என்று காட்டும். நீல மூடி போட்ட சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்தால் பெரும்பாலும் எண்ணிக்கை சரியாக வந்துவிடும். இப்படி நோயே இல்லாமல் பயந்துபோய் வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குறைவு உண்மை என்றால், ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். சிவப்பணு, வெள்ளையணு சரியாக இருக்கின்றனவா? மண்ணீரல் வீங்கியிருக்கிறதா? எச்ஐவி, ஹெபடைடிஸ் சி உண்டா? புதிதாக ஏதாவது மருந்து ஆரம்பித்தாரா? நோயெதிர்ப்பு மண்டலமே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோயின் அறிகுறி இருக்கிறதா? இத்தனைக்கும் 'இல்லை' வந்த பிறகு, எண்ணிக்கை 1 லட்சத்துக்குக் கீழே இருந்தால்தான் அந்தப் பெயர். இந்த நோயை உறுதியாகச் சொல்லும் தனிப் பரிசோதனை இன்றுவரை கிடையாது. மற்றதையெல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் இது. அதனால் தம்பியின் டாக்டரிடம் 'காரணம் என்ன' என்று கேட்பதைவிட 'எதையெல்லாம் பார்த்து விலக்கினீர்கள்' என்று கேளுங்கள். சரியாகப் பார்த்தவர் என்றால் பட்டியலைச் சொல்வார்.

கேள்வி: காரணமே தெரியாமல் எப்படி ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள்? குருட்டாம்போக்கு வைத்தியம் இல்லையா?

இல்லை. காரணம் வேறு, நடக்கும் விதம் வேறு. இந்த நோயில் இரண்டாவது நன்றாகவே தெரியும்.

அது தெரியவந்த கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1950-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், இந்த நோயாளி ஒருவரின் ரத்தத்தில் சுமார் அரை லிட்டரைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய பிளேட்லெட் ஏறக்குறைய காணாமல் போனது. வலிப்பு வந்தது. ஐந்தாவது நாள் வாக்கில்தான் எண்ணிக்கை பழையபடி ஏறியது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது! ஆனால் பிளேட்லெட்டை அழிக்கும் ஏதோ ஒன்று நோயாளியின் ரத்தத்திலேயே ஓடுகிறது என்பது அன்றைக்கே தெரிந்துபோனது. அது ஆன்டிபாடி என்பது பிறகு நிரூபணமானது. நம் நோயெதிர்ப்பு மண்டலமே நம் பிளேட்லெட்மீது முத்திரை குத்திவிடுகிறது, மண்ணீரல் அதைப் பார்த்து விழுங்கிவிடுகிறது. ஸ்டீராய்டு இந்த அழிவைத்தான் அடக்குகிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும் பெயரில் 'இடியோபதிக்' இருப்பது பொருத்தமில்லை என்று 2009-ல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று அதை எடுத்துவிட்டு 'இம்யூன் த்ராம்போசைட்டோபீனியா' என்று மாற்றியது. ஐடிபி என்ற சுருக்கத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பழைய பெயரையே எழுதும் டாக்டர்கள் இன்னும் இருக்கிறார்கள், பழக்கம்தான்.

சரி, இப்போதும் தெரியாதது என்ன? நேற்றுவரை சும்மா இருந்த நோயெதிர்ப்பு மண்டலம் இந்த ஆளுக்கு, இந்த மாதத்தில் ஏன் திரும்பியது என்பது. பெரும்பாலான நோயாளிகள் விஷயத்தில் அது எங்களுக்குத் தெரியாது. நேர்மையாகச் சொன்னால், 'இடியோபதிக்' என்ற சொல்லுக்கு இங்கே மிச்சமிருக்கும் இடம் அது ஒன்றுதான்.

கேள்வி: நான் சாப்பிட்டது, கவலைப்பட்டது ஏதாவது காரணமா? அதை மறைக்கத்தான் இப்படிச் சொல்கிறார்களா?

இல்லை. 'இடியோபதிக்' என்பதற்கு 'மனப்பிரமை' என்ற பொருளும் கிடையாது.

கேள்வி: ஒருமுறை 'இடியோபதிக்' என்று எழுதிவிட்டால் அதோடு தேடலை நிறுத்திவிடலாமா?

இந்த வார்த்தையில் எனக்கு இருக்கும் பயமே இதுதான். எழுதியவர் 'இன்றைக்கு இவ்வளவு பார்த்ததில் கிடைக்கவில்லை' என்று சொல்கிறார். அடுத்துப் படிப்பவர் 'காரணம் கிடையாது' என்று எடுத்துக்கொள்கிறார்.

முப்பத்து நாலு வயதுப் பெண் ஒருவர் என்னிடம் வந்தபோது ஐடிபி என்ற பெயரோடு மூன்று மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தார். முகம் உப்பிப்போயிருந்தது, பிளேட்லெட் மட்டும் 28,000-ஐ விட்டு நகரவில்லை. இரண்டு பிரசவத்திலும் ரத்தப்போக்கு அதிகம் இல்லை என்றார். 28,000 வைத்துக்கொண்டு அப்படியா என்று முதல் சந்தேகம் வந்தது. கண்ணாடித் தகட்டைப் பார்த்தேன். பிளேட்லெட்கள் சில, பக்கத்தில் இருந்த சிவப்பணு அளவுக்குப் பெரிதாக இருந்தன. இயந்திரம் அளவை வைத்துத்தான் பிரிக்கும், அதனால் பெரியவற்றைச் சிவப்பணுக் கணக்கில் தள்ளிவிட்டது. கையால் எண்ணினால் 70,000 பக்கம் வந்தது. அப்புறம்தான் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். 'அவங்களுக்கும் எப்பவும் கம்மின்னு சொல்வாங்க டாக்டர், காதும் கேக்காது' என்றார். மரபணுப் பரிசோதனையில் எம்ஒய்எச்9 மரபணுவில் கோளாறு. பிறவியிலேயே வருவது. ஆன்டிபாடியே இல்லாத இடத்தில் ஸ்டீராய்டு எதை அடக்கும்? படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். இந்தக் கோளாறு காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்பதால் இப்போது அவற்றைத்தான் கண்காணிக்கிறோம்.

அதனால் மருந்து துளியும் கேட்கவில்லை, குடும்பத்தில் வேறு யாருக்கும் இருக்கிறது, புதிதாக ரத்தசோகையோ மண்ணீரல் வீக்கமோ மூட்டுவலியோ வருகிறது என்றால் முதலிலிருந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இது எதுவும் இல்லாமல், சிகிச்சைக்கு எண்ணிக்கையும் நன்றாக ஏறியிருந்தால், மாதாமாதம் ஸ்கேன் எடுத்துக் காரணம் தேடுவதில் பலன் இருக்காது.

கேள்வி: மாமாவுக்குச் சிறுநீரகத்தில் 'இடியோபதிக் மெம்ப்ரேனஸ்' என்று 2005-ல் சொன்னார்கள். இப்போது வேறு டாக்டர் 'பிரைமரி' என்கிறார். நோய் மாறிவிட்டதா?

நோய் அதேதான். 2009-ல், காரணம் தெரியாது என்று ஒதுக்கிவைத்திருந்த அந்த நோயாளிகளில் சுமார் 70 சதவீதம் பேரின் ரத்தத்தில், பிஎல்ஏ2ஆர் என்ற சிறுநீரகப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதனால் 'காரணம் தெரியாத' என்பது பொருந்தாமல் போய், வேறு நோயால் வராமல் தானாக வந்தது என்ற பொருளில் 'பிரைமரி' என்கிறார்கள். மாமாவுக்கு அந்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். 2005-ல் அது இல்லவே இல்லை. இப்போது சாதாரண ரத்தப் பரிசோதனைதான், நோய் அடங்குகிறதா என்று பார்க்கவும் உதவும்.