80 மார்க் வாங்கியவருக்கு ஜிஎஸ்டி தெரியவில்லை

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்க்கிறேன். அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் தேவை என்று விளம்பரம் கொடுத்தோம். அதில் பத்து வரிகள்: பி.காம்., டேலி, ஜிஎஸ்டி, டிடிஎஸ், எக்ஸ்போர்ட் டாக்குமெண்ட், இந்தி, நல்ல கம்யூனிகேஷன், 5 வருட அனுபவம், 35 வயதுக்குள், டூவீலர். வரிக்குப் பத்து மார்க் என்று எல்லா ரெஸ்யூமேவுக்கும் மார்க் போட்டேன். 80 வாங்கியவரை நேரில் கூப்பிட்டால் அவர் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டதே இல்லை. முதலாளி என்னைக் கேட்கிறார். எங்கே தப்பு?
– வாசகி, திருப்பூர்

பதில்: நீங்கள் மார்க் போட்டதில் தப்பில்லை, மார்க் போடுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது. உங்கள் கணக்கில் டூவீலர் வைத்திருப்பதும் ஜிஎஸ்டி தெரிந்திருப்பதும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுகின்றன. இந்தியும் வண்டியும் சேர்ந்து, ஜிஎஸ்டி இல்லாத குறையை மறைத்துவிட்டன. 80 என்ற எண்ணைப் பார்த்து எந்த இருபது போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் ஒரு ரெஸ்யூமேவைக்கூடத் திறப்பதற்கு முன், விளம்பரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் அக்கவுண்ட்ஸ் மேனேஜரிடம் போய் உட்காருங்கள். முதலாளியிடம் அப்புறம் போகலாம். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: இது தெரியாத ஆள் வரும் 1-ஆம் தேதி வந்து சேர்ந்தால், எந்த வேலை, எந்தத் தேதியில் நிற்கும்? தேதி சொல்ல முடிந்தால் அது கட்டாயம். "இருந்தா நல்லதுதானே" என்று பதில் வந்தால் அது விருப்பம்.

உங்கள் விளம்பரத்தையே பார்ப்போம். மாதா மாதம் ரிட்டர்ன் போடும் கம்பெனிக்கு, விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதி, வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி இருபதாம் தேதி. 3பி தள்ளிப்போனால் நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீஸ், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. புது ஆளுக்கு நிதானமாகச் சொல்லிக்கொடுக்க அங்கே நேரம் கிடையாது, எனவே கட்டாயம். டேலியும் அப்படித்தான், அன்றாட என்ட்ரி முழுக்க அதில்தானே. டிடிஎஸ் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், ஆனால் அதை யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். ஆடிட்டர் ஆபீஸில் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் புது ஆளுக்கு அது விருப்பம்தான். வேலை கம்பெனிக்குக் கட்டாயமாக இருப்பது வேறு, இந்த நாற்காலிக்குக் கட்டாயமாக இருப்பது வேறு.

எக்ஸ்போர்ட் டாக்குமெண்ட் என்ற வரி கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் அதற்குள் இரண்டு வேலை ஒளிந்திருக்கிறது. ஷிப்பிங் பில் போடுவது பொதுவாக கஸ்டம்ஸ் ஏஜெண்ட் வேலை, அதை உங்கள் ஆள் செய்யப்போவதில்லை. ஆனால் ஷிப்பிங் பில்லில் இருக்கும் இன்வாய்ஸ் விவரமும் ஜிஎஸ்டிஆர்-1-இல் போடுவதும் ஒத்துப்போக வேண்டும், ஐஜிஎஸ்டி கட்டி அனுப்பி ரீஃபண்ட் வாங்குகிற கம்பெனி என்றால் அது ஒத்துப்போகாவிட்டால் ரீஃபண்ட் நின்றுவிடும். முக்கியமான வேலைதான். இருந்தாலும் ஜிஎஸ்டிஆர்-1 தானே போட்டுப் பழகியவருக்கு இதை மேனேஜர் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துவிடலாம். அதனால் விருப்பத்தில் வைத்து, அதிக மார்க் கொடுங்கள்.

5 வருட அனுபவம், பி.காம். இரண்டும் வேறு எதற்கோ பதிலாக எழுதப்பட்ட வரிகள். எதற்கு 5 வருடம் என்று மேனேஜரைத் துருவிக் கேட்டால், "ஒரு தடவையாவது மார்ச் கணக்கு முடிச்சு ஆடிட்டரோட உட்கார்ந்திருக்கணும்" என்பார். அதையே எழுதிவிடுங்கள்: ஒரு முழு நிதியாண்டுக் கணக்கை முடித்தவர். அது கட்டாயம், ஐந்து என்ற எண் தேவையில்லை. பி.காம். விருப்பம். வயதை எடுத்தே விடுங்கள், அதனால் எந்தத் தேதியில் எந்த வேலையும் நிற்காது. நல்ல கம்யூனிகேஷன் என்பதை ரெஸ்யூமேவைப் படித்து யாரும் அளக்க முடியாது, எல்லோரும் அதை எழுதித்தான் வைத்திருப்பார்கள். அது நேர்காணலுக்குப் போகட்டும், இங்கே மார்க் வேண்டாம்.

ஆக, கட்டாயம் மூன்று: டேலி, தானே ஜிஎஸ்டிஆர்-1-உம் 3பி-யும் போட்ட அனுபவம், ஒரு முழு ஆண்டுக் கணக்கு. இவற்றுக்கு மார்க்கே கிடையாது. உண்டு, இல்லை, தெளிவில்லை என்று மட்டும் குறியுங்கள். ஒன்றில் "இல்லை" வந்தாலும் அந்த ரெஸ்யூமே அங்கேயே நிற்கும். "தெளிவில்லை" என்றால் ஒதுக்கிவிடாதீர்கள், ஒரு போன் போடுங்கள். "ஜிஎஸ்டி தெரியுமா" என்று கேட்டால் தெரியும் என்றுதான் சொல்வார்கள். "போன மாசம் 2பி-யில வராத பர்ச்சேஸ் பில்லை என்ன பண்ணுனீங்க?" என்று கேளுங்கள். 2பி என்பது சப்ளையர்கள் தங்கள் ரிட்டர்னில் ஏற்றிய பில்களின் பட்டியல். செய்தவர், அந்த மாதம் அதற்கு கிரெடிட் எடுக்கவில்லை, சப்ளையரைக் கூப்பிட்டு அவருடைய ரிட்டர்னில் ஏற்றச் சொன்னேன் என்பது போல ஏதாவது சொல்லுவார். செய்யாதவர் தடுமாறுவார்.

இப்போது இன்னொருவரை நினைத்துப் பாருங்கள். வயது 38, பி.காம். இல்லை, வரி ஆலோசகர் ஒருவரின் ஆபீஸில் ஆறு வருடமாகப் பல கம்பெனிகளுக்கு டேலி, ஜிஎஸ்டி, டிடிஎஸ் எல்லாம் பார்த்து வருடக் கணக்கும் முடித்தவர், இந்தி தெரியாது, வண்டி இல்லை, கம்யூனிகேஷன் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. உங்கள் பழைய கணக்கில் டேலி, ஜிஎஸ்டி, டிடிஎஸ், அனுபவம், மொத்தம் 40. அவரை நீங்கள் கூப்பிட்டிருக்கவே மாட்டீர்கள். புதுக் கணக்கில் மூன்று கட்டாயத்தையும் தாண்டுகிறவர் அவர், 80 வாங்கியவர் முதல் சுற்றிலேயே நிற்பார். தாண்டியவர்களை வரிசைப்படுத்த மட்டும் விருப்பங்களுக்கு மார்க் போடுங்கள்: எக்ஸ்போர்ட் 3, டிடிஎஸ் 2, பி.காம். 1, இந்தி 1. பேங்குக்குப் போய்வர வேறு ஆள் இருந்தால் வண்டிக்கு ஒன்றும் வேண்டாம்.

இந்தப் பட்டியலோடு முதலாளியிடம் போனால் அவர் எல்லாமே கட்டாயம் என்பார். வாதாடாதீர்கள், ஒவ்வொரு வரிக்கும் இப்படிக் கேளுங்கள்: "மத்த எல்லாம் இருக்கு, சம்பளமும் ஒத்துவருது, இது மட்டும் இல்ல. திருப்பி அனுப்பிடவா?" அவர் கொஞ்சம் யோசித்து "வரச் சொல்லு, பார்க்கலாம்" என்றால் அது விருப்பம், அவரே சொல்லிவிட்டார். அதற்கும் மசியவில்லை என்றால் கணக்கைக் காட்டுங்கள். ஒவ்வொரு கட்டாயத்தையும் பாதிப் பேர்தான் தாண்டுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், மூன்று கட்டாயத்துக்கு எட்டில் ஒருவர் மிஞ்சுவார், ஏழு என்றால் 128-இல் ஒருவர். நிஜத்தில் டேலி தெரிந்தவருக்கு ஜிஎஸ்டியும் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் இவ்வளவு மோசமாகாது, ஆனால் போகிற திசை இதுதான்.

முடிவானதும் அந்தத் தாளில் தேதி போட்டு இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டு, அப்புறம் முதல் ரெஸ்யூமேவைத் திறங்கள். இதில் நான் கறாராக இருக்கச் சொல்வதற்குக் காரணம், பிடித்த ரெஸ்யூமே ஒன்று கண்ணில் பட்ட பிறகு பட்டியல் அதற்கேற்ப வளைய ஆரம்பித்துவிடும், வளைகிறது என்று நமக்கே தெரியாது. யாருமே மூன்றையும் தாண்டவில்லை என்றால் ஒன்றைத் தளர்த்தலாம், தப்பில்லை. ஆனால் தளர்த்திய பட்டியலோடு முதல் ரெஸ்யூமேயிலிருந்து எல்லோரையும் மறுபடி பார்க்க வேண்டும், கையில் இருக்கும் ஒருவருக்காக மட்டும் தளர்த்தக் கூடாது.

விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் இன்றே மாற்றுங்கள். "கட்டாயம் வேண்டியவை" என்று மூன்று வரி, கீழே "இருந்தால் நல்லது" என்று மற்றவை. இப்போது இருக்கிற பத்து வரியைப் பார்த்து, இந்தி தெரியாதே, பி.காம். இல்லையே என்று விண்ணப்பிக்காமல் போனவர்களில் உங்களுக்கு வேண்டிய ஆளும் இருக்கக்கூடும்.