அந்த முதல் அரை நிமிடம்

வணக்கம் சார்,

வெப்சைட் செய்து கொடுக்கும் வேலை என்னுடையது. புதியவர்களுக்கு மெயில் அனுப்பும்போது அவர்கள் தளத்தை அலசி ஆறு நிமிட ஸ்கிரீன் வீடியோ ஒன்றும் சேர்க்கிறேன். திறக்கிறவர்களும் அரை நிமிடத்தில் மூடிவிடுகிறார்கள். எங்கே தப்பு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த அரை நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். உங்கள் பெயர், அனுபவம், அப்புறம் தளத்தின் வேகத்துக்கு மதிப்பெண் போடும் PageSpeed Insights காட்டும் சிவப்பு எண், அதுதானே? தொழில் நடத்துகிறவருக்கு 34 என்றால் என்னவென்று தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. போதாக்குறைக்கு அந்த எண் ஒவ்வொரு தடவை சோதிக்கும்போதும் கொஞ்சம் மாறும். அவர் சோதித்து 41 வந்தால் உங்கள் பேச்சையே சந்தேகப்படுவார்.

ஒரே ஒரு குறையை எடுங்கள், அதுவும் அவருடைய வாடிக்கையாளர் முட்டிக்கொண்டு நிற்கிற இடமாக. நான் அனுப்பிய ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பிசியோதெரபி கிளினிக்கின் தளம், முகப்பில் பெரிய பேனர் படம், போன் நம்பர் அந்தப் படத்துக்குள்ளேயே எழுதியிருந்தது. கம்ப்யூட்டரில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அதனால் போனிலேயே ஸ்கிரீன் ரெக்கார்டிங் போட்டேன். ஆண்ட்ராய்டில் தொடும் இடத்தைத் திரையில் காட்டச் சொல்லும் வசதி உண்டு, அதை ஆன் செய்யாவிட்டால் நீங்கள் தட்டுவதே பார்ப்பவருக்குத் தெரியாது. "முதுகுவலியோடு உங்களைக் கூப்பிடப் பார்க்கிறேன்" என்று சொல்லி நம்பரைத் தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினேன். நம்பரை நகலெடுக்கவும் முடியவில்லை. நம்பரை எழுத்தாக வெளியே எடுத்து `tel:` இணைப்பு கொடுத்தால் போதும் என்று தீர்வையும் சொல்லி முடித்தேன், மொத்தம் 80 வினாடி. தீர்வைச் சொன்னால் அவரே செய்துகொள்வாரே என்று பயப்படாதீர்கள், செய்துகொள்ளட்டும்.

அனுப்புவதற்கு முன் குறை நிஜம்தானா என்று பாருங்கள். ஒருதடவை "உங்கள் தளத்தில் சாட் பெட்டியே இல்லை" என்று ஒருவருக்கு அனுப்பி அசடு வழிந்தேன். இருந்த பெட்டியை என் பிரவுசரின் விளம்பரத் தடுப்பான் மறைத்திருக்கிறது. இப்போதெல்லாம் எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓடாத இன்காக்னிட்டோவில் ஒருமுறை, வேறொரு போனில் ஒருமுறை பார்க்காமல் ரெக்கார்ட் செய்வதில்லை.

வீடியோவை ஃபைலாக இணைக்காதீர்கள், லிங்க்கே போதும். தெரியாதவர் அனுப்பும் லிங்க்கைப் பலர் தொடவே மாட்டார்கள் என்பதால் "உங்கள் முகப்பில் இருக்கும் நம்பரைப் போனில் தட்டினால் அழைப்பு போவதில்லை" என்று மெயிலின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். கையில் போன் இருக்கும், அவரே தட்டிப் பார்த்துக்கொள்வார்.